மைனஸ் கியூ

அன்று அந்த வகுப்பறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா, மின்சாரம் போய் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்களா என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. அவனைக் கேட்டால் ஓடியது என்பான். அவளைக் கேட்டால் பதில் வராது. இருவரும் வெவ்வேறு காலங்களில் என்னிடம் சொன்னதை ஒட்டவைத்துத்தான் இதைச் சொல்கிறேன்; ஒட்டிய இடங்களில் என் பசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். வார்த்தைகள் முன்பின்னாக மாறியிருக்கலாம். ஆனால் கரும்பலகையில் கடைசியாக என்ன எழுதியிருந்தது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. எனக்கும் இல்லை.

கணவன் மனைவி இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே இயற்பியல் துறையில், பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளர்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையோடு வேலை போகும். விடுமுறை முடிந்ததும் திரும்ப வரும். அந்த ஆண்டு நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. இனி தற்காலிகம் என்பதே கிடையாது. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம். அது கிடைத்தவருக்கு வேலை, மற்றவர் வீட்டுக்கு. விண்ணப்பித்தவர்களில் கடைசிவரை மிஞ்சியவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், "யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே வீடுதானே" என்றார்கள். அவர்களும் அதையே சொல்லிக்கொண்டார்கள். சொல்வதற்கு வசதியான வாக்கியம் அது.

படித்த காலத்தில் இருவரும் ஒரே வகுப்பு. அவளுக்கு அப்போது 'சரிபார்ப்பு' என்று பட்டப்பெயர். ஆசிரியர் பலகையில் எழுதி முடித்துத் திரும்பினால் அவள் கை உயர்ந்திருக்கும்: அலகு பொருந்தவில்லை, குறி மாறிவிட்டது, எல்லையில் வைத்துப் பார்த்தால் விடை முடிவிலிக்கு ஓடுகிறது. அவன் அவளுடைய குறிப்பேட்டைப் படித்துத் தேர்ச்சி பெற்றவன். அதை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை. "நான் படிச்சது புத்தகம் இல்ல, இவளைத்தான்" என்று திருமணத்திலேயே நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தான். பேருந்தில் இடம் பிடிப்பது, மேலிடத்துக்கு வணக்கம் வைப்பது, யாருக்கு எப்போது கோபம் வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வது எல்லாம் அவன் வேலை. சரியாக இருப்பது அவள் வேலை.

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் மாதிரி வகுப்புக்கான தலைப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இருவருக்கும் ஒரே தலைப்பு: புவியோடு இணைத்த கடத்திக் கோளம், அதற்கு வெளியே ஒரு புள்ளி மின்னூட்டம், பிம்ப மின்னூட்டத்தின் அளவையும் இடத்தையும் காண்க.

அன்று மாலை வீட்டில் ஒத்திகை நடந்தது. அவர்கள் வீட்டுக் கரும்பலகை, படுக்கையறையில் இருந்த பச்சைப் பீரோவின் கதவு. சாக்கட்டி அதில் நன்றாகவே எழுதும். அவள் பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டாள். மையத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, பக்கத்துக் கதவில், ஒரு புள்ளி வைத்தாள். கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

"எர்த் பண்ணின கோளம்னா என்னடி?"

"அயர்ன் பாக்ஸ்ல மூணாவதா ஒரு கம்பி வருமே, அது."

"அதேதான். மின்னழுத்தம் பூஜ்யம்னு அர்த்தம். வெளிய இந்தப் புள்ளியில கியூன்னு ஒரு மின்னூட்டம். அது பக்கத்துல இருக்கறதால கோளத்து மேல, பூமியிலேருந்து எதிர் மின்னூட்டம் ஏறி வந்து பரவிக்கும். இந்தப் பக்கம் அடர்த்தியா, அந்தப் பக்கம் லேசா. எங்க எவ்வளவுன்னு நேரா கண்டுபிடிக்கறது பெரிய தலைவலி."

"அப்ப?"

"அப்ப கோளத்தையே தூக்கிடு. அது இருந்த இடத்துக்கு உள்ள ஒரே ஒரு பொய் மின்னூட்டம் வை. கோளத்தோட மேற்பரப்பு இருந்த இடம் முழுக்க அழுத்தம் பூஜ்யம் ஆகற மாதிரி வைக்கணும். அப்படி வெச்சுட்டா, வெளிய நிக்கறவனுக்கு உள்ள இருக்கறது கோளமா பொய்யான்னு வித்தியாசமே தெரியாது."

"இல்லாத ஆள், ஆனா இருக்கற மாதிரியே கணக்கு" என்றான் அவன், கதவில் சாய்ந்தபடி.

"ஆமா, உங்கப்பா ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கற மாதிரி."

மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அந்த மூவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்குத் தெரிந்து அதுதான் கடைசி.

அவள் ஆர் என்ற ஆரத்தின் வர்க்கத்தை டி என்ற தூரத்தால் வகுத்தாள். பத்தைப் பத்தால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் இரண்டரை. மையத்திலிருந்து கியூ இருக்கும் திசையில் இரண்டரை சென்டிமீட்டரில் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டாள். பொய் மின்னூட்டத்தின், அதாவது பிம்பத்தின், இடம் அது. அளவு, கியூவின் கால்பங்கு, எதிர்க்குறியோடு: மைனஸ் கியூ ஆர் கீழ் டி. பிறகு மகள் கையில் அளவுகோலைக் கொடுத்தாள்.

"வட்டத்து மேல எங்க வேணா ஒரு புள்ளி தொடு. அங்கேருந்து கியூவுக்கு எவ்வளவு தூரம், இந்தப் பெருக்கல் குறிக்கு எவ்வளவு தூரம், அளந்து சொல்லு."

மகள் முதலில் கியூவுக்கு மிக அருகில் இருந்த இடத்தைத் தொட்டாள். முப்பது. ஏழரை. பிறகு நேர் எதிர்ப்பக்கம். ஐம்பது. பன்னிரண்டரை. பிறகு, அம்மாவை மாட்டிவிடும் எண்ணத்தில், உச்சியில் ஏதோ ஓரிடம். நாற்பத்தொன்றும் கொஞ்சமும். பத்தும் கொஞ்சமும்.

"எங்க வெச்சாலும் நாலு மடங்கும்மா!"

"நாலு மடங்கு தூரத்துல முழு மின்னூட்டம். ஒரு மடங்கு தூரத்துல கால் மின்னூட்டம், எதிர்க்குறியில. ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். எல்லா இடத்துலயும் பூஜ்யம். ரெண்டு இடத்துல பூஜ்யம் ஆக்கறது எவனும் செய்வான். முழுக்க ஆகுதான்னு பாக்கணும்."

"அப்ப கோளத்துல வர்றது கால்வாசிதானா? மிச்சம் முக்கால்வாசி?"

"கியூவிலேருந்து கிளம்பற விசைக்கோட்டுல கால்வாசிதான் கோளத்துல வந்து முடியும். மிச்சமெல்லாம் இது பக்கமே எட்டிப் பாக்காம எங்கயோ தூரமாப் போயிடும்."

அவன் இதையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவன். ஆனால் அளவுகோல் வைத்துப் பார்த்ததில்லை. நாளை வகுப்பில் அளவுகோல் விஷயத்தைத் தானும் சொல்லலாமா என்று கேட்க நினைத்தான். அது அவளுடையது என்று தோன்றியதால் கேட்கவில்லை. அவ்வளவு நாணயம் முந்தின நாள் மாலைவரை அவனிடம் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அகரவரிசைப்படி அவள்தான் முதல். படிப்படியாக ஏறும் பெஞ்சுகள் கொண்ட வகுப்பறை. முதல் வரிசையில் மூன்று பேர். நடுவில் முதல்வர், அவர் படித்தது வணிகவியல். வலப்பக்கம் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பாட வல்லுநர். வெள்ளைச் சட்டை, கையில் மூடி திறந்த பேனா, எப்போதும் கையெழுத்திடத் தயாராக இருப்பவர்போல. இடப்பக்கம் இவர்களுடைய துறைத்தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எர்த்து'. எந்தப் புகார் போனாலும் அவரைத் தொட்டதும் பூஜ்யமாகிவிடும் என்பதால்.

அவன் வெளியே தாழ்வாரத்தில் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

முதல் இருபது நிமிடம் அவள் குரல் மட்டும்தான். தங்குதடை இல்லாமல் போனது. ஒத்த முக்கோணங்களை வைத்துக் கோளம் முழுவதும் அழுத்தம் பூஜ்யம் என்று நிறுவினாள். விடையை எழுதிச் சாக்கட்டியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. அப்போது வல்லுநர் இருமினார்.

"பிம்பத்தோட மதிப்பு மைனஸ் கியூ ஆர் பை டி. சரி. கோளத்து மேல உண்மையிலேயே தூண்டப்படற மொத்த மின்னூட்டம் எவ்வளவு?"

"அதுவும் அதேதான் சார்."

"எப்படிம்மா அதே ஆகும்? பிம்பம் கற்பனை. கணக்குக்காக வெச்சுக்கிட்டது. நிஜமா கோளத்துல வந்து உக்கார்றது மைனஸ் கியூ. சமமும் எதிரும். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே."

"அது மின்னூட்டம் கோளத்துக்கு உள்ள இருந்தா சார். கூடு மாதிரி சுத்தி மூடியிருந்தா கிளம்பற எல்லாக் கோடும் அதுலதான் முடிஞ்சாகணும். அப்ப மைனஸ் கியூ. இங்க வெளிய இருக்கு. கொஞ்சம் கோடுதான் இதுல முடியும்."

"உள்ளயோ வெளியயோ, எர்த் எர்த்துதானே? பூமிகிட்ட பஞ்சமா? வேண்டிய மட்டும் குடுக்குமே."

"வேண்டிய மட்டும்தான் சார் குடுக்கும். அழுத்தம் பூஜ்யம் ஆனதும் நிறுத்திடும்." சாக்கட்டியை மறுபடி எடுக்கும் ஓசை. பிறகு அவள் குரல் இன்னும் தெளிவாக வந்தது. "பிம்பத்தையே விட்டுடலாம் சார். கோளத்தோட மையத்துல மட்டும் பாருங்க. மேற்பரப்புல மின்னூட்டம் எப்படிப் பரவியிருந்தாலும், அத்தனையும் மையத்துலேருந்து ஒரே தூரம், ஆர். அதனால மையத்துல அழுத்தம், கியூ கீழ் டி, கூட்டல், மொத்தம் கீழ் ஆர். அது பூஜ்யம். அப்ப மொத்தம், மைனஸ் கியூ ஆர் கீழ் டி. ஒரே வரி. நீங்க சொல்ற மைனஸ் கியூவைப் போட்டா பூஜ்யம் வராது."

இதற்குப் பின் உள்ளே நீண்ட அமைதி. தாழ்வாரத்தில் இருந்தவனுக்கு அந்த அமைதியின் முகம் தெரிந்தது. அது யோசிக்கிறவரின் அமைதி இல்லை.

"எங்களுக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"மாதிரி வகுப்புதானே சார்."

முதல்வர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். வணிகவியல்காரருக்குச் சண்டை புரியவில்லை, நகைச்சுவை புரிந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எமனாக வந்தது என்று அவன் பின்னாளில் என்னிடம் சொன்னான். தன்னைத் தவிர வேறு எதையாவது காரணமாகச் சொல்ல அவனுக்கு ஆசை.

"சரி, வெளிய இருங்க" என்றார் வல்லுநர்.

அவள் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். விரலெல்லாம் சாக்குப்பொடி. முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். கல்லூரி நாட்களில் கை உயர்த்தும்போது இருந்த அதே வெளிச்சம்.

"கேட்டியா?"

"கேட்டேன். சிரிக்க வெச்சிருக்க வேணாம்."

"நான் எங்க சிரிக்க வெச்சேன்? உண்மையைச் சொன்னேன். இங்க பாரு, உன்னையும் இதைத்தான் கேப்பாரு. நீயும் மையத்துல போட்டுக் காட்டு. தனித்தனியா வந்த ரெண்டு பேர் ஒண்ணையே சொன்னா, வீட்டுக்குப் போயாவது யோசிப்பாரு. நம்ம துறைத் தலைக்கும் வாயைத் திறக்கத் தைரியம் வரும்."

"நம்ம தலைக்கா?"

"வரும்யா. போ."

ஊழியர் அவனைக் கூப்பிட்டார்.

உள்ளே போகும் அந்தப் பத்தடியில் அவன் என்ன நினைத்தான் என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை என்பதுதான் அவன் பதில். நான் நம்பவில்லை. யாருக்கு எப்போது கோபம் வரும் என்று பார்த்தே சொல்கிறவன் அவன். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த அந்த விரல்களை அவன் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான்.

அவனும் வகுப்பை நன்றாகவே எடுத்தான். கோளத்தின் அருகிலுள்ள புள்ளி, தொலைவிலுள்ள புள்ளி, இரண்டு சமன்பாடுகள், பிம்பத்தின் இடம் ஆர் வர்க்கம் கீழ் டி, அளவு மைனஸ் கியூ ஆர் கீழ் டி. எழுதி அடிக்கோடிட்டான்.

வல்லுநர் சாய்ந்து உட்கார்ந்தார். "முன்னால வந்தவங்க உங்க வீட்டுக்காரம்மாதானே?"

"ஆமா சார்."

"ரெண்டு பேரும் ஒரே புத்தகந்தான் படிப்பீங்களோ?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"அப்ப சொல்லுங்க. பிம்பம் கற்பனை. நிஜமா கோளத்துல தூண்டப்படற மொத்த மின்னூட்டம் எவ்வளவு?"

அவன் துறைத்தலைவரைப் பார்த்தான். அவர் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. ஆனால் அவள் கைகழுவப் போயிருந்தாள். அது அவனுக்குத் தெரியும். காலடி ஓசை தாழ்வாரத்தின் கோடிவரை போனதைக் கேட்டிருந்தான்.

அவன் வாயால் சொல்லவில்லை. சாக்கட்டியை எடுத்து, தான் அடிக்கோடிட்ட விடைக்கு நேர் கீழே எழுதினான்: 'உண்மையில் தூண்டப்படும் மொத்த மின்னூட்டம் = −q.' எழுதிய பிறகும் வல்லுநர் எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒரு படமும் போட்டான். வெளியே புள்ளி; அதிலிருந்து கிளம்பும் கோடுகள். வலப்பக்கம் விலகிப் போகவேண்டிய கோடுகளையும் வளைத்து, இழுத்து, சுற்றிக்கொண்டுவந்து, ஒன்று விடாமல் கோளத்தில் முடித்தான். இயற்கையில் எங்கும் இல்லாத படம். ஒவ்வொரு கோடாக நிதானமாகப் போட்டான்.

"பிம்பம் கணக்குக்காக மட்டும்தான் சார்" என்றான்.

"அதான். அடிப்படை தெரியணும்" என்றார் வல்லுநர். பேனா எழுதியது.

அடுத்து தேநீர் இடைவேளை. மூவரும் பக்கத்து அறைக்குப் போனார்கள். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லி ஊழியர் அவளை உள்ளே கூட்டிப்போனார். பதிவேடு மேசைமேல் இருந்தது. மேசைக்குப் பின்னால் பலகை.

அவள் குனிந்து கையெழுத்திட்டாள். நிமிர்ந்தாள். மேலே சரியான விடை, அதன்கீழ் தவறான விடை, இரண்டும் ஒரே கையெழுத்தில். பதினெட்டு ஆண்டுகளாக அவள் பார்த்துவந்த கையெழுத்து. அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதிப் பழகிய கையெழுத்து. பிறகு அந்தப் படம். சுற்றி வந்து முடியும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள் என்று ஊழியர் சொன்னாராம். எண்ணுவதுபோல.

"அழிச்சிடட்டுமாம்மா?" என்று ஊழியர் கேட்டார்.

"இருக்கட்டும். அவங்க வந்து பாக்கட்டும்."

பேருந்தில் அவன் இடம் பிடித்துக் கொடுத்தான். அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தாள். காலியாக இருந்த இடத்தில் யாரோ ஒரு அம்மாள் பையோடு வந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் மகள் ஓடிவந்தாள். "அம்மா, அளவுகோல் கதை சொன்னியா?"

"இல்லடி. நேரம் இல்ல."

"அப்பா, நீ?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டியதையே திரும்பத் திரும்பச் சரிசெய்தான்.

"அப்பா மைனஸ் கியூன்னு எழுதினாருடி" என்றாள் அவள். "முழுசா. முக்கால்வாசியையும் சேர்த்து இழுத்துட்டு வந்துட்டாரு."

மகள் சிரிக்கத் தயாராகி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். யாரும் சொல்லாமலே தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கிடைக்கட்டும்னுதான்" என்றான் அவன். "நீ அந்த ஆளைக் கிளப்பி விட்டுட்டு வந்துட்டே. நானும் அதையே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் தெருவுல நிப்போம். இவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, வீடு இருக்கு."

"உனக்கு வேலை கிடைக்கறதுல எனக்கு வயித்தெரிச்சல்னு நினைக்கறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கலாம்யா. உனக்கா பேச வராது? நீ வேலைக்காக விடையை மாத்தல. நான் சொன்னது தப்புன்னு எனக்கு எதிரா சாட்சி சொல்லிட்டு வந்திருக்கே. என் புருஷனே சொல்லிட்டான். இனிமே எவன் நம்புவான்?"

"வெறும் ஒரு குறியீடும்மா..."

"படத்தையும் போட்டியே."

எழுதியதற்கு அவசரத்தைக் காரணம் சொல்லலாம். படத்துக்கு நேரம் ஆகும்; ஒவ்வொரு கோட்டையும் வளைக்க வேண்டும்.

அடுத்த நாள் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். ஆணை வெளிவருமுன் ஒரு கடிதம் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுக்கவேண்டும்: நான் சொன்னது தவறு, முதலில் வந்தவர் சொன்னது சரி, இதோ மையத்தில் வைத்துப் பார்த்த ஒரு வரி. "வேலை உனக்கே வரட்டும். நான் தப்புன்னு மட்டும் எழுதி வைக்கக் கூடாது."

அவன் எழுதினான். நல்ல கடிதம்தான், அவனே என்னிடம் வரி வரியாகச் சொல்லியிருக்கிறான். எடுத்துக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்குப் போனான். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் தெரியும்யா" என்றார். "அந்தம்மா சொன்னதுமே தெரியும். நானே முப்பது வருஷம் நடத்தினது."

"அப்ப ஏன் சார் நீங்க..."

"நீ ஏன்யா?"

வெளியே யாரோ மிதிவண்டியை நிறுத்தும் ஓசை. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதை மேல அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் அவர் கடைசியில். "பாட வல்லுநருக்குப் பாடம் தெரியலைன்னு ஆகும். தேர்வையே ரத்து பண்ணிட்டு, புதுசா எவனையாவது கொண்டாந்து போடுவாங்க. உனக்கும் இல்ல, அந்தம்மாவுக்கும் இல்ல. குடுக்கணும்னா குடு. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு மாசம். அவ்வளவுதான்."

கடிதத்தை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார். அவர் வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மாணவர்கள் வைத்த பெயர் சரியான பெயர். அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"குடுத்தியா?" என்று மாலையில் அவள் கேட்டாள்.

"குடுத்துட்டேன்."

அவள் தலையசைத்தாள். அன்று அவனுக்கு அவளே சாப்பாடு பரிமாறினாள். இரண்டு நாளில் முதல் முறையாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிடாமல் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டான். மூன்று வாரம் வீடு ஓரளவு வீடாகவே இருந்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால்தான் தாங்கவில்லை என்பான்.

பிறகு ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. அவனுடையதில் நியமன ஆணை. அவளுடையதில் நான்கு வரி. விண்ணப்பதாரர் பாடத்தின் அடிப்படைக் கருத்தில் பிழை செய்தார் என்றும், சுட்டிக்காட்டிய பின்னும் திருத்திக்கொள்ளவில்லை என்றும், அவருடைய விடை பிழையே என்பது இரண்டாம் விண்ணப்பதாரரின் விளக்கத்தாலும் படத்தாலும் உறுதியாயிற்று என்றும், எனவே அவரைப் பரிந்துரைக்க இயலவில்லை என்றும்.

கீழே மூன்று கையெழுத்துகள். துறைத்தலைவருடையது மூன்றாவது. கடிதம் எதுவும் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நேராகப் போய் ஆணியில் தொங்கிய அவன் சட்டைகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்த்தாள். மூன்றாவது சட்டையில் இருந்தது. துவைத்து, காய்ந்து, நான்காக ஒட்டிப்போய், எழுத்து நீலக்கறையாகி. அதைப் பிரிக்க அவள் முயலவில்லை. அவளுடைய உறையையும் அதையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் வந்து பார்த்தான். நின்றான். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பான்; மன்னிப்புக் கேட்டிருப்பான்; பேச்சு அவன் தொழில். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மகளுக்குத் தலைவாரினாள்.

அவன் அந்தத் துறையில் நிரந்தரமானான். பின்னாளில் தலைவரும் ஆனான். மின்னியல் பாடத்தை எப்போதும் இளைய ஆசிரியர்களுக்கே ஒதுக்கினான். அவள் வேறு ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, உயர் மின்னழுத்தக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தாள். விடுமுறைக்கு வருவாள், மகளோடு தங்குவாள், போய்விடுவாள். மணவிலக்குக் கேட்கவில்லை. அவனிடம் இயற்பியல் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. துறைத்தலைவர் சொன்னபடி இரண்டு மாதத்தில் ஓய்வு பெற்று, மறு ஆண்டு இறந்தார். முதல்வர் வேறொரு கல்லூரிக்கு மாறினார். வல்லுநர் இன்னும் பல தேர்வுக்குழுக்களில் இருந்தார். நல்ல மரியாதையோடு ஓய்வு பெற்றார். மகள் அறிவியல் எடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள்.